அட்டவணை ஒன்று போதும், பெட்டியும் ஒன்று போதும்

*"சார், மலேசிய ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் மூன்று கணக்குகளைப் பற்றி நீளமாக ஒரு கட்டுரை எழுதினேன். பக்கம் வடிவமைப்பவர் முக்கால்வாசியைப் புள்ளி போட்ட பட்டியலாக்கி, நடுவில் ஐந்து பெட்டிகளும் பெரிய எழுத்து வரிகளும் சேர்த்துவிட்டார். அழகாக இருக்கிறது, ஆனால் படித்தால் என் கட்டுரை மாதிரி இல்லை. எதை வைப்பது, எதை எடுப்பது?" – வாசகி, பட்டர்வொர்த்*

அட்டவணையைக் கட்டாயம் வையுங்கள். 55 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் சந்தா 2024 மே மாதம் முதல் மூன்றாகப் பிரிகிறது, மூன்று கணக்குக்கும் ஒரே கேள்விகளைத்தான் வாசகர் கேட்பார்:

| கணக்கு | பங்கு | எப்போது எடுக்கலாம் |
|---|---|---|
| பெர்சாராஆன் | 75% | பொதுவாக 55 வயதில் |
| செஜாத்தெரா | 15% | வீடு, படிப்பு, மருத்துவம் |
| ஃபிளெக்சிபல் | 10% | எப்போதும் |

இதைப் பத்தியாக எழுதினால் கண் மேலும் கீழும் அலையும். ஆனால் வீட்டுக்கு எடுப்பதன் நிபந்தனைகளையும் கட்டத்துக்குள் திணித்திருக்கிறாரே, கைப்பேசியில் அது ஒரு முழம் நீளும். அவற்றைக் கீழே பத்தியாக இறக்குங்கள்.

பட்டியல்களில் விண்ணப்பத்துக்கான ஆவணங்கள் மட்டும் இருக்கட்டும். "ஃபிளெக்சிபலில் எடுத்தேன், ஆனால் மகளின் கட்டணத்துக்குப் போதவில்லை, அதனால் செஜாத்தெராவுக்கு விண்ணப்பித்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் அதை மூன்று புள்ளிகளாக்கியதில் 'ஆனால்', 'அதனால்' இரண்டும் காணாமல் போய்விட்டன, காரணமும் கூடவே போய்விட்டது. வரிகளை இடம் மாற்றிப் பாருங்கள், பொருள் மாறினால் அது பட்டியல் இல்லை.

கட்டுரையிலிருந்தே எடுத்துப் பெரிய எழுத்தில் போட்ட வரிகள் எல்லாவற்றையும் தூக்குங்கள். அகலமான பக்கத்தில் ஓரமாக நிற்கும், சரி. கைப்பேசியில் பத்திகளுக்கு நடுவே வந்து விழுந்து, ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை படிக்க வைக்கும்.

பெட்டி ஒன்றே ஒன்று: கமிஷன் வாங்கிக்கொண்டு பணம் எடுத்துத் தருகிறேன் என்று வரும் ஆள்களைப் பற்றிய எச்சரிக்கை. அதை விண்ணப்பிக்கும் முறைக்கு முன்னால் வையுங்கள், படித்து முடித்தவருக்கு எச்சரித்து என்ன பயன்? பொதுவாகப் பெட்டியில் இருப்பதைக் கட்டுரையில் திரும்பச் சொல்லக் கூடாது. எச்சரிக்கை மட்டும் விதிவிலக்கு, ஏனென்றால் பெட்டியைப் பார்த்ததும் விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. அதனால் அதே விஷயத்தை ஓடும் பத்தியிலும் ஒரு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். பழைய இரண்டு கணக்கு வரலாறு, "உங்களுக்குத் தெரியுமா" வகையறா எதுவும் இந்தச் சலுகையில் வராது.

அப்புறம், பெட்டிக்கு இவ்வளவு வெள்ளி என்று கணக்குப் போடுகிறவரிடம் பெட்டி வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்? வடிவமைப்பவர்களில் சிலர் அட்டவணையைப் படமாக ஒட்டித் தருவார்கள். கைப்பேசியில் எழுத்தின் அளவைக் கூட்டிப் பாருங்கள், சுற்றியுள்ள வரிகள் பெரிதாகி அட்டவணை மட்டும் அப்படியே நின்றால் அது படம்தான். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் பெரும்பாலும் அதைப் படிக்காது, நாளைக்கு ஒரு விழுக்காடு மாறினாலும் திருத்த அவரிடமே திரும்பக் காசு கொடுக்க வேண்டும். பல அலுவலகங்களில் இதைத்தான் 'நவீன வடிவமைப்பு' என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள், என்னத்தைச் சொல்ல. மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் அட்டவணையை எழுத்தாகவே போட்டுத் தரச் சொல்லுங்கள், தலைப்பு வரிசையையும் தலைப்பு என்றே குறித்திருக்க வேண்டும்.