தண்ணீர் குடித்தும் ஹேங்ஓவர் ஏன்?

கேள்வி: பார்ட்டியில் ஒவ்வொரு பெக்குக்கும் ஒரு கிளாஸ் தண்ணீர் குடிக்கிறேன். படுக்கும் முன் தனியாக ஒரு லிட்டர். 8 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குள் 180 மி.லி. விஸ்கி, அதற்கு மேல் போவதில்லை. காலையில் தாகமே இல்லை. ஆனால் மூன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது, நெஞ்சு படபடக்கிறது, விடிந்ததும் தலைவலி, குமட்டல், லேசான கை நடுக்கம். அதே அளவு வோட்கா என்றால் கொஞ்சம் பரவாயில்லை. தண்ணீர் இன்னும் போதவில்லையா?

பதில்: தண்ணீர் போதும், சொல்லப்போனால் அதிகம். உடலில் நீரைத் தக்கவைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை மது அடக்கிவிடுகிறது. அதனால்தான் குடிக்கும்போது அடிக்கடி சிறுநீர் வருகிறது, வாய் வறள்கிறது. அந்தப் பகுதியைத் தண்ணீர் சரிசெய்துவிடும், உங்களுக்குச் செய்தும் இருக்கிறது. மற்ற தொல்லைகளுக்குக் காரணம் வேறு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 40 சதவீத விஸ்கி 180 மி.லி. என்றால் அதில் 72 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் ஏறக்குறைய 57 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரிப்பது சராசரியாக 7, 8 கிராம். ஆளுக்கு ஆள் இது மாறும், ஆனால் தண்ணீரோ காபியோ இந்த வேகத்தைக் கூட்டாது. 57 கிராமும் தீர ஏழரை மணி நேரம் ஆகிறது. 8 மணியிலிருந்து எண்ணினால் மூன்றரை! உங்களுக்கு முழிப்பு வரும் நேரமும் அதுதான்.

மது ரத்தத்தில் அதிகமாக இருக்கும்போது ஹேங்ஓவர் வருவதில்லை. அது வடிந்து பூஜ்யத்தை நெருங்கும்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. மூளையில் அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை மது கூட்டுகிறது, உசுப்பும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. மூளை சும்மா இருக்குமா? சமநிலைக்காக எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டே இருக்கும். கதவின் ஒரு பக்கம் ஒருவர் அழுத்த, மறுபக்கம் நீங்கள் முழு பலத்தோடு தள்ளிக்கொண்டிருக்கும்போது அவர் சட்டென்று விலகினால் என்ன ஆகும்? மூன்றரை மணிக்கு அதுதான் நடக்கிறது. மது போய்விட்டது, எதிர்த்தள்ளல் மட்டும் மிச்சம். படபடப்பு, நடுக்கம், காரணமில்லாத பதற்றம் எல்லாம் பெரும்பாலும் அதன் வேலை.

தூக்கம் கெடுவதும் இதே வழியில்தான். மது சீக்கிரம் தூங்கவைக்கும், முதல் பாதி இரவில் ஆழ்ந்த தூக்கமும் வரும். அதனால் பலரும் அதைத் தூக்க மருந்து மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கனவுகள் வரும் கட்டத்தை அந்த நேரத்தில் அது அமுக்கிவைக்கிறது. மது வடிந்த பிறகு அந்தக் கட்டம் ஒரேயடியாகத் திரும்பி வரப் பார்க்கும். நடுநடுவே முழிப்பு, கலங்கலான கனவுகள், மறுபடி முழிப்பு என்று இரண்டாம் பாதி துண்டு துண்டாகப் போய்விடும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டையும் கூடும். போதாததற்கு நீங்கள் குடித்த அந்த ஒரு லிட்டர், சிறுநீருக்காக எழுப்பி மிச்சத் தூக்கத்தையும் கலைத்துவிடுகிறது. படுக்கையில் ஏழு மணி நேரம் இருந்தும் உடல் அசதியாக, தலை கனமாக இருப்பதில் பெரும் பங்கு இதற்கு உண்டு.

அடுத்து அசிட்டால்டிஹைடு. கல்லீரல் மதுவை முதலில் இதுவாக மாற்றுகிறது, பிறகு இன்னொரு என்சைம் இதைத் தீங்கு குறைந்த அசிட்டேட்டாக மாற்றுகிறது. இது தேங்கினால் என்ன ஆகும் என்று பார்க்க டைசல்ஃபிராம் மாத்திரையே போதும். குடியை நிறுத்தத் தரப்படும் அந்த மருந்து இரண்டாவது என்சைமைத் தடுக்கிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும். கிழக்காசிய மக்களில் பலருக்கு அந்த என்சைம் பிறவியிலேயே வலுவற்றது, அவர்களுக்கு ஒரு பெக்கிலேயே முகம் சிவந்துவிடும்.

ஆனால் ஹேங்ஓவரின் பழியை முழுக்க இதன் மேல் போடுவதை நான் ஏற்பதில்லை. என்சைம் நன்றாக இருப்பவர்களின் ரத்தத்தில் காலையில் அசிட்டால்டிஹைடு ஏறக்குறைய இருக்காது. அது விட்டுப்போகும் தழும்புதான் பிரச்சினை. மதுவும் இதுவும் சேர்ந்து உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பைக் கிளப்பிவிடுகின்றன, காய்ச்சலில் கூடுகிற சைட்டோகைன் வகைப் பொருள்கள் ஹேங்ஓவரிலும் ரத்தத்தில் கூடுகின்றன. உடம்பு வலி, பசியின்மை, எதிலும் மனம் ஒட்டாமை என்று காய்ச்சல் வரப்போகிற மாதிரி இருப்பது அதனால்தான். குமட்டலுக்கு இரைப்பையின் உள்சுவர் புண்படுவதும் சேர்ந்துகொள்ளும்.

சரி, விஸ்கி மட்டும் ஏன் அதிகம் படுத்துகிறது? நொதிக்கும்போதும் மரப் பீப்பாயில் ஊறும்போதும் எத்தனால் தவிர வேறு பல பொருள்களும் மதுவில் சேர்கின்றன. அவற்றைக் கான்ஜெனர்கள் என்பார்கள். அடர் நிற மதுக்களில் பொதுவாக அதிகம், வோட்காவில் மிகக் குறைவு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வோட்காவையும், அதைப் போல் 37 மடங்கு கான்ஜெனர்கள் கொண்ட போர்பன் விஸ்கியையும் ஒப்பிட்டார்கள். போர்பன் குடித்தவர்களுக்கு ஹேங்ஓவர் கூடுதல்தான். ஆனால் தூக்கம் கெட்டதிலும், காலையில் கவனம் மந்தமானதிலும் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. வோட்காவுக்கு மாறினால் தலைவலி கொஞ்சம் குறையலாம், மூன்றரை மணி முழிப்பு மாறாது.

கான்ஜெனர்களில் மெத்தனாலும் உண்டு, முறையான மதுவில் மிகச் சிறிய அளவில். எத்தனாலை எரிக்கும் அதே என்சைம்தான் இதையும் எரிக்க வேண்டும், ஆனால் அது எத்தனாலுக்கே முதலிடம் தரும். எத்தனால் தீர்ந்த பிறகு மெத்தனால் ஃபார்மால்டிஹைடாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. காலையில் இன்னொரு பெக் போட்டால் தெளிகிற மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தீர்வு இல்லை, தள்ளிப்போடுதல்தான்.

உங்கள் விஷயத்தில் மாற்ற வேண்டியது அளவு. 90 மி.லி.யோடு நிறுத்தினால் 28 கிராம்தான், நள்ளிரவு வாக்கில் தீர்ந்துவிடும், பின்னிரவுத் தூக்கம் பெருமளவு தப்பிக்கும். தண்ணீரை இடையிடையே குடியுங்கள், படுக்கும் முன் ஒரு கிளாஸ் போதும். தலைவலி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு படுக்க வேண்டாம். பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கலாம், ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ஏற்கெனவே புண்பட்ட வயிற்றை இன்னும் கடிக்கும்.

அப்புறம், கை நடுக்கம் பற்றி ஒன்று. எப்போதாவது பார்ட்டி முடிந்த மறுநாள் மட்டும் என்றால் மேலே சொன்ன எதிர்த்தள்ளல்தான், ஒரு நாளில் அடங்கும். தினமும் குடித்துவந்து, ஒரு நாள் விட்டாலே நடுக்கமும் வியர்வையும் வருகிறது என்றால் அது ஹேங்ஓவர் இல்லை, குடி நிறுத்தும்போது வரும் விலகல் அறிகுறி. அப்படி இருந்தால் திடீரென்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள், வலிப்பு வரை போகலாம். மருத்துவரைப் பார்த்துவிட்டு அவர் சொல்கிற வேகத்தில் குறையுங்கள்.