ஆறு மாத டெபுடேஷன் கடிதம்

"ஓசூர் ஆலையிலிருந்து ஒருவரை ஆறு மாதம் புனே யூனிட்டுக்கு அனுப்புகிறோம். மாற்றல் உத்தரவையே திருத்திக் கொடுக்கலாமா?"

வேண்டாம் சார். மாற்றல் உத்தரவில் திரும்பும் தேதி இருக்காது; அவர் திரும்புவதற்குள் அவர் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவார். தனியாக டெபுடேஷன் கடிதமே கொடுங்கள். அதில் தொடக்கம், முடிவு இரண்டு தேதியும் போட்டு, "முடிந்ததும் ஓசூரில் இதே பதவி, இதே கிரேடில் சேர்வார், நீட்டிப்பு அவர் சம்மதத்தோடு, எழுத்தில் மட்டுமே" என்று எழுதுங்கள். புனே வேலை முன்கூட்டியே முடிந்தால் எத்தனை நாள் நோட்டீஸில் திருப்பி அழைப்பீர்கள் என்பதும் வேண்டும்.

சண்டை வருவது லீவில்தான். அன்றாட வேலையும் விடுப்பும் புனே மேலாளரிடம், சம்பளம், பிஎஃப், ஒழுங்கு நடவடிக்கை ஓசூரிடம் என்று பிரித்துவிடுங்கள். வருடாந்திர மதிப்பீடு யார் கையில் என்பதை விட்டுவிட்டால், இன்கிரிமென்ட் நேரத்தில் இரண்டு பேரும் கைவிரிப்பார்கள். தங்குமிடமும் பயணப்படியும் எந்த யூனிட் கணக்கு என்பதையும் அதிலேயே சொல்லிவிடுங்கள்.