இரவு மதுவும் கிளிமிபிரைடு மாத்திரையும்

"அப்பா சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு போடுகிறார். இரவில் குடித்துவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் சர்க்கரை இறங்கிவிடும் என்கிறார்களே, ஏன்?"

உண்ணாதிருக்கும் இரவு நேரத்தில் இரத்தச் சர்க்கரையைத் தாங்கிப் பிடிப்பது கல்லீரல். அது மதுவைச் சிதைக்கும் வேலையில் இறங்கியதும், புதிதாகக் குளுக்கோஸ் உருவாக்குவது பெரிதும் தடைபடுகிறது. கிளிமிபிரைடோ சர்க்கரை குறைந்த பின்னும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். ஆகவே, சாப்பிடாமல் குடித்துவிட்டு 10 மணிக்குச் சர்க்கரை அளவு 130 காட்டிய நிம்மதியில் படுத்தவருக்கு, கல்லீரலில் சேமித்திருந்த சர்க்கரையும் தீர்ந்த அதிகாலையில் அது 70-க்குக் கீழே போய்விடலாம்.

அப்போது வரும் வியர்வையையும் உளறலையும் தள்ளாட்டத்தையும் வீட்டார் போதை என்றே எண்ணித் தூங்க விட்டுவிடுவதுதான், என் பார்வையில், மிகப் பெரிய ஆபத்து. மது வாடை அடித்தாலும் குளுக்கோமீட்டரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அளவு 70-க்குக் குறைந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதித்து, ஏறியதும் உணவும் கொடுங்கள். இந்த மாத்திரையால் இறங்கும் சர்க்கரை, ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும் என்பதால் மருத்துவரிடமும் காட்டுவது அவசியம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.