ஸ்பீடு இருக்கு, கால் மட்டும் விட்டுவிட்டுக் கேட்குது

கேள்வி: ஸ்பீடு டெஸ்டில் 40 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் மீட்டிங்கில் என் குரல் உடைகிறதாம். லைன் கோளாறா, வைஃபை கோளாறா?

குரலுக்கு மட்டும் என்றால் 100 கேபிபிஎஸ் போதும். வீடியோவோடு சேர்த்தாலும் 3, 4 எம்பிபிஎஸ்தான். உங்கள் பிரச்சினை வேகம் இல்லை, தாமதம் ஏறி இறங்குவது. வழக்கமாக உட்காரும் இடத்திலேயே, குரல் உடைகிற நேரத்தில், விண்டோஸ் லேப்டாப்பில் Command Prompt திறந்து இதை ஓடவிடுங்கள் (சில ரவுட்டர்களில் முகவரி வேறாக இருக்கும், பெட்டிக்கு அடியில் பாருங்கள்):

```
ping -t 192.168.1.1
```

இது உங்கள் ரவுட்டர் வரைக்கும்தான் போய் வரும். பதில் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று நிதானமாக வந்தால் வைஃபை நல்லாயிருக்கிறது, லைன்காரரைக் கூப்பிடலாம். 4, 180, 9, 310 என்று குதித்தாலோ, நடுவில் Request timed out வந்தாலோ வைஃபைதான் காரணம்.

எட்டு மணிக்கு ஏன்? ஒரே சேனலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் வைஃபை காத்திருந்துதான் பேசும். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லோரும் அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

கேள்வி: லிஸ்டில் இரண்டு பெயர் வருகிறது, ஒன்றில் 5G என்று. எதில் சேர?

அந்த 5G, சிம் கார்டு 5ஜி இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இன்னொரு பெயர் 2.4 கிகாஹெர்ட்ஸ். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றே. இருபது வீட்டு ரவுட்டர்களும் அதில்தான் அடித்துக்கொள்ளும். 5-இல் சேனல் அதிகம். அது சுவரைத் தாண்டத் திணறும் என்று குறை சொல்வார்கள். அடுக்ககத்தில் எனக்கு அதுவே வசதி, பக்கத்து வீட்டு அலையும் நம் வீட்டுக்குள் மெலிந்துதான் வரும். ஆகவே கால் பேசும் கருவியை 5-இல் மட்டும் சேர்த்து, 2.4-ஐ அதில் Forget செய்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் ரவுட்டரில் Band Steering அல்லது Smart Connect-ஐ அணைத்தால் பிரியும். சேனல் 36 முதல் 48-க்குள், அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் வையுங்கள். 52 முதல் 144 வரை வேண்டாம். அந்தச் சேனல்களில் ரேடார் அலை தட்டுப்பட்டால் ரவுட்டர் உடனே சேனலைக் காலி செய்தாக வேண்டும், கால் அறுந்துவிடும்.

கேள்வி: பெட்ரூமில் 5 ஒரு கோடுதான் காட்டுகிறது.

அப்படியானால் ரவுட்டரின் இடம் சரியில்லை. போன மாதம் பார்த்த ஒரு வீட்டில், வாசலோரம் ஃபைபர் ஒயர் நுழைகிற இடத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேல் இரும்புப் பெட்டிக்குள் ரவுட்டர் இருந்தது. பெட்ரூமுக்கு இரண்டு சுவர், நடுவில் ஒரு ஸ்டீல் பீரோ. வைஃபை அனலைசர் ஆப்பில் சிக்னல் பலம் -79 dBm. கால் நிலைக்க -67 அல்லது அதைவிடப் பூஜ்ஜியத்துக்குப் பக்கமாக வேண்டும். ஃபைபரைத் தொடாமல், பத்து மீட்டர் லேன் ஒயரைச் சுவர் விளிம்போடு ஓட்டி, ஹாலில் பெட்ரூம் கதவுக்கு நேராக ஆளுயரத்தில் இன்னொரு ரவுட்டரை, வைஃபை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயிண்டாக மாட்டினோம். -60 வந்தது. பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டோம்.

கேள்வி: ரிப்பீட்டர் வாங்கினால் போதாதா?

ஒயர் இழுக்கவே முடியாத வீட்டுக்கு மட்டும். சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டதையே திரும்பச் சொல்லும்; காத்திருப்பு இன்னும் கூடும்.