சட்டம் பேசாத இடத்திலும் கேட்கவேண்டும்

"சட்டத்தில் நோட்டீஸ் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அப்புறம் எப்படி உத்தரவு செல்லாது?"

சட்டம் வாய் திறக்காத இடத்தில் பாதிக்கப்படுபவரின் பதிலைக் கேட்கும் கடமையை நீதிமன்றமே சேர்த்துப் படிக்கும். நீங்கள் பிரிவுக்குள் மட்டும் தேடுவதால்தான் சிக்குகிறது என்று நினைக்கிறேன்.

லண்டனில் 1863-இல் தீர்ப்பான கூப்பர் வழக்கைப் பாருங்கள். வீடு கட்டுவதற்கு 7 நாள் முன்பே உள்ளூர்ப் பணிகள் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் இடிக்கலாம் என்று சட்டமே சொன்னது, அதை வைத்து இரண்டாம் மாடி வரை எழும்பிய வீட்டை ஒரு வார்த்தை கேட்காமல் இடித்துவிட்டார்கள். கடிதம் அனுப்பினேன் என்றார் கூப்பர். இடிக்கும் முன் அதைச் சொல்லத்தான் அவருக்கு வாய்ப்பே தரவில்லை. நஷ்டஈடு அவருக்குக் கிடைத்தது.

உங்கள் பிரிவு விசாரணையை வெளிப்படையாக விலக்குகிறதா, சும்மா மௌனமா என்று பாருங்கள். மௌனம் என்றால் இந்த வாதம் நிற்கும்.

ஆனால் கேட்பது என்றால் எப்போதும் நேரில் அழைப்பது இல்லை, எழுத்தில் பதில் வாங்கினாலே பல இடங்களில் போதும். அவசரமென்றால் உத்தரவு போட்ட கையோடு கேட்கலாம், மேனகா காந்தி வழக்கில் (1978) பாஸ்போர்ட் முடக்கத்துக்கு அப்படித்தான் சொன்னார்கள்.