ஐம்பது லட்சமும் மாதாந்தச் செலவும்

வணக்கம் ஐயா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் 34 வருடம் கிளாக்கராக இருந்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். சேமலாப நிதி 39 லட்சம், பணிக்கொடை 11 லட்சம், எல்லாமாக 50 லட்சம். பென்ஷன் கிடையாது. குவாட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு ஹட்டனில் வாடகைக்கு இருக்கிறோம், நானும் மனைவியும் மட்டும். மாதம் 55 ஆயிரம் செலவு, கொழும்பில் இருக்கும் மகன் 20 ஆயிரம் அனுப்புகிறான். அக்கா மகன் ஒரு போன் ஆப்பில் 3 லட்சம் போட்டு மாதம் 10 வீதம் எடுக்கிறான், என்னை 20 லட்சம் போடச் சொல்கிறான். மகன் வேன் எடுக்கப் பணம் கேட்கிறான். பிக்ஸட்டில் போட்டால் 8 வீதம்தானே, அதை வைத்து வாழ முடியுமா?

எஸ்., ஹட்டன்

அன்புள்ள எஸ். ஐயாவுக்கு,

முதலில் ஆப் விஷயத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதுதான் அவசரம். மாதம் 10 வீதம் என்றால், வட்டியை எடுக்காமல் விட்டால் ஒரு லட்சம் வருட முடிவில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆகும். அரசாங்கமே கடன் வாங்கும்போது வருடத்துக்கு 8 வீதம் அளவில்தான் கொடுக்கிறது என்கிற காலத்தில், முகம் தெரியாத ஒருவன் எந்த வியாபாரத்தில் அதைச் சம்பாதித்து உங்கள் மருமகனுக்குத் தருகிறான்? அவர் இதுவரை எடுத்தது அவர் போட்ட 3 லட்சத்தில் ஒரு பகுதியாகவோ, அவருக்குப் பிறகு சேர்ந்தவரின் பணமாகவோதான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுப்பது ஏமாற்றுபவர்களுக்கு விளம்பரச் செலவு, அவ்வளவுதான். 2023இல் எம்.டி.எப்.ஈ என்ற ஆப் இப்படித்தான் ஓடி, அந்த வருடம் ஆகஸ்டில் படுத்துவிட்டது.

சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். மருமகனை முழு 3 லட்சத்தையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், வட்டியை மட்டும் அல்ல. "முதலில் வரி கட்டுங்கள்", "இன்னும் இரண்டு பேரைச் சேருங்கள்", "கணக்கு உறைந்திருக்கிறது, தொகையைக் கூட்டினால் திறக்கும்" என்று ஏதாவது ஒரு பதில் வந்தால் விஷயம் தெரிந்துவிடும், அதற்குமேல் ஒரு சதமும் அனுப்பக் கூடாது. இன்னொன்றும் அவருக்குத் தெரிய வேண்டும்: இப்படிப் புதிதாகச் சேர்பவரின் பணத்தில் ஓடும் பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, அடுத்தவரைச் சேர்த்துவிடுவதும் குற்றம். கம்பனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் அதை நம்பி விடாதீர்கள். கம்பனியாகப் பதிந்திருப்பது வேறு, பொதுமக்களிடம் வைப்பு வாங்க மத்திய வங்கி அனுமதி கொடுத்திருப்பது வேறு. அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்திலேயே இருக்கிறது, மகனைப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிட வேலை.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். 8 வீதத்தில் வாழ முடியுமா? 50 லட்சத்துக்கு வருட வட்டி 4 லட்சம், மாதம் 33 ஆயிரம் சொச்சம். உங்களுக்குக் குறைவது 35 ஆயிரம். "பரவாயில்லையே, கிட்டத்தட்ட வந்துவிட்டதே" என்று தோன்றும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் திருப்தியாக எழுந்து போகிறார்கள். ஆனால் 35 ஆயிரம் என்பது இந்த வருடத்துச் செலவு. மத்திய வங்கி வைத்திருக்கிற பணவீக்க இலக்கே 5 வீதம், அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் விலைகள் ஏறிக்கொண்டே இருக்கும். வட்டியை முழுதாகத் தின்றுவிட்டால் முதல் அப்படியே இருப்பதுபோலத் தெரியும், 14 வருடத்தில் அதன் வாங்கும் சக்தி பாதியாகியிருக்கும்.

8 வீத வட்டி, வருடத்துக்கு 5 வீதம் ஏறும் செலவு, தேவைப்படும்போது முதலிலும் கை வைப்பது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றைய மதிப்பில் மாதம் 35 ஆயிரம் எடுத்தால் பணம் சுமார் 14 வருடம் வரும், உங்களுக்கு 74 வயது ஆகும்போது தீர்ந்துவிடும். 30 ஆயிரம் என்றால் சுமார் 17 வருடம். 25 ஆயிரம் என்றால் 22 வருடம், 82 வயது வரை. உங்கள் மனைவியின் வயதை நீங்கள் எழுதவில்லை. உங்களைவிட இளையவர் என்றால் கணக்கை அவர் ஆயுளுக்குத்தான் போட வேண்டும், உங்கள் ஆயுளுக்கு அல்ல.

ஆக உங்களுக்கு வேண்டியது அதிக வட்டி அல்ல, மாதம் பத்தாயிரம். 34 வருடம் செக்ரோலும் லெட்ஜரும் எழுதிய கை உங்களுடையது. ஹட்டன் பஸாரில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கெழுதினாலே அந்தத் தொகை வந்துவிடும், சில வருடம் மட்டும் அதைச் செய்தாலும் பணம் மேலே சொன்ன 14 வருடத்தைத் தாண்டி நீளும். ஓய்வு பெற்றவரை மறுபடி வேலைக்கு அனுப்புகிறேன் என்று கோபிக்காதீர்கள்.

இனி பணத்தை எங்கே வைப்பது. முழுவதையும் ஒரே நாளில், ஒரே வங்கியில், ஒரே தவணைக்குப் போடாதீர்கள். காரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2023 ஆரம்பத்தில் வட்டி உச்சத்தில் இருந்தபோது 20 லட்சத்தை 25 வீதத்துக்கு ஒரு வருடம் போட்டார். மாதம் 41 ஆயிரத்துக்கு மேல் வந்தது, வீட்டுச் செலவும் அதற்கேற்றபடி விரிந்தது. தவணை முடிந்து புதுப்பிக்கப் போனபோது 9 வீதம் என்றார்கள், மாதம் 15 ஆயிரம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2021இல் ஐந்து வருடத்துக்குக் குறைந்த வட்டியில் பூட்டியவர்கள், 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வட்டி எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, வங்கி மனேஜருக்கும் தெரியாது. அதனால் தவணைகளைப் படிப்படியாக முடிகிற மாதிரி வைப்பதுதான் வழி.

உங்கள் 50 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். 4 லட்சம் சாதாரண சேமிப்புக் கணக்கில், இது ஒரு வருடத்துக்கு நீங்கள் எடுக்கப்போகும் பணமும் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சமும். 10 லட்சம் மூத்த பிரஜைகளுக்கான ஒரு வருட நிலையான வைப்பில். 60 வயதைக் கடந்தவர்களுக்கு 10 லட்சம் வரை சாதாரண வட்டியைவிட 3 வீதம் கூடுதலாகத் தருவதாக 2025 பட்ஜெட்டில் அறிவித்து, அந்த வருடம் ஜூலையில் ஆரம்பித்தார்கள். போகும்போது அது இப்போதும் நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இதற்கு முன் இருந்த 15 வீதத் திட்டத்தை 2022இல் நிறுத்திய அனுபவம் நமக்கு இருக்கிறது.

24 லட்சத்தை ஆறு ஆறு லட்சமாக நான்கு பங்கு போடுங்கள். ஒரு பங்கு மூன்று மாதம், அடுத்தது ஆறு, அடுத்தது ஒன்பது, கடைசி ஒரு வருடம். ஒவ்வொன்றும் முடியும்போது ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டே வந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு தொகை கைக்கு வரும். வட்டி ஏறியிருந்தால் அந்த ஏற்றம் கிடைக்கும், இறங்கியிருந்தாலும் வருமானம் ஒரே நாளில் விழாது. திடீர்த் தேவைக்கு வைப்பை முறித்து வட்டியை இழக்கவும் வேண்டாம். மிச்சம் 12 லட்சம், அரசாங்கம் கடன் வாங்கும் பத்திரமான திறைசேரி முறியில், மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், ஆனால் இடையில் விற்றால் அன்றைய விலைதான், நட்டமும் வரலாம். அதனால் தொடத் தேவையில்லாத பணத்தை மட்டும் அங்கே வையுங்கள். முறி வாங்கினால் அது உங்கள் பெயரில் மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவில் இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்ய வேண்டும், இடைத்தரகரின் ரசீது போதாது.

எந்த வங்கி என்பதில் ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்திருங்கள்: 11 லட்சம். அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், வைப்புக் காப்புறுதியில் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குக் கிடைப்பது வட்டியும் சேர்த்து அதிகபட்சம் அவ்வளவுதான். இரண்டு வீதம் கூடத் தருகிறார்கள் என்று நிதிக் கம்பனிக்குப் போவதென்றால் 10 லட்சத்தோடு நிறுத்துங்கள். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு அரசாங்க உத்தரவாதம் இருப்பதால் பெரிய பங்குகளை அங்கே வைக்கலாம். கூட்டுறவுக் கிராமிய வங்கிக்கு இந்தக் காப்புறுதி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பஸாரில் பலர் அதையும் மற்ற வங்கி மாதிரியே நினைக்கிறார்கள்.

வட்டியில் 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 லட்சத்துக்குள் இருப்பதால் அது உங்களுக்குத் தேவையில்லை, ஆனால் கேட்காமல் நிறுத்த மாட்டார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் டின் என்ற வரி இலக்கம் எடுத்து, பணம் இருக்கிற ஒவ்வொரு வங்கியிலும் சுயபிரகடனப் படிவம் கொடுக்க வேண்டும். 4 லட்சம் வட்டியில் 40 ஆயிரம் என்றால் உங்களுக்கு ஒரு மாதம் குறைகிற 35 ஆயிரத்துக்கு மேல்.

வேன் விஷயம். மகனுக்குக் கொடுக்க விரும்பினால் இரண்டு மூன்று லட்சத்தைத் திரும்பி வராது என்ற கணக்கிலேயே கொடுங்கள், அந்த அளவுக்கு மேலே சொன்ன பங்குகளைக் குறையுங்கள். லீசிங்குக்குப் பிணை மட்டும் வைக்காதீர்கள். தவணை தவறினால் கம்பனி வேனை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்கு உங்களிடம்தான் வரும், அப்போது மகனோடு பேச்சும் நின்றுபோகும். வீட்டில் சங்கடமாக இருந்தால் "பணத்தைப் பூட்டிவிட்டேன்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை.

கடைசியாக, ஒவ்வொரு வைப்பிலும் மனைவியை நியமனதாரராகப் போடுங்கள். வங்கியில் அதற்கென்று படிவம் இருக்கிறது, கேட்டால் தருவார்கள். எந்த வங்கியில் எவ்வளவு, எந்தத் தேதியில் முடிகிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.