நிரூபணமான பிறகு எந்தப் படி?

அன்புள்ள ஐயா,

எங்கள் கிடங்கில் வேலை செய்யும் ஒருவர், மாத இருப்பை எண்ணிப் பார்க்காமலேயே எண்ணியதாகப் படிவத்தில் கையெழுத்திட்டது விசாரணையில் நிரூபணமாகிவிட்டது. 9 வருட சர்வீஸ். சில மாதங்களுக்கு முன் தாமதமாக வந்ததற்கு எழுத்துப்பூர்வ எச்சரிக்கை வாங்கியிருக்கிறார். மேலாளர் டிஸ்மிஸ் செய்தே ஆக வேண்டும் என்கிறார். ஆனால் முன்பு இதே தவறைச் செய்த ஒருவரை எச்சரித்துத்தான் விட்டோம். தண்டனையை நான் முடிவு செய்ய வேண்டும். விசாரணை அறிக்கையின் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அறிக்கையில் நிரூபணமானது என்று சொல்லும் அந்த ஒரு வரியை முதலில் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணாமல் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். சரக்கு குறைவதை மறைக்கப் பொய்க்கணக்கு எழுதினார் என்று குற்றச்சாட்டிலும் இல்லை, முடிவிலும் இல்லை. பிறகு எண்ணிப் பார்த்தபோது இருப்பு சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் மேலாளரின் குறிப்பைப் படித்தால், அவர் மனதில் இருப்பது இரண்டாவது குற்றம்தான் என்று தெரிகிறது. சந்தேகத்துக்குத் தண்டனை கொடுத்தால், அதற்குப் பதில் சொல்ல அந்த ஊழியருக்கு வாய்ப்பே கிடைக்காமல் போய்விடும். மேல்முறையீட்டில் முதலில் உடைவதும் இதுதான்.

வாய்மொழி எச்சரிக்கை, எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, இறுதி எச்சரிக்கை, ஊதிய உயர்வு நிறுத்தம், பதவி இறக்கம், பணிநீக்கம் என்று பெரும்பாலான விதிகளில் வரிசை இருக்கும். உங்கள் விதியில் இல்லாத தண்டனையை நீங்களாக உருவாக்க முடியாது. ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. திருட்டோ அடிதடியோ என்றால் முதல் தடவையிலேயே மேல்படிக்குப் போகலாம். நான் செய்வது இதுதான்: மனதில் தோன்றும் தண்டனையை எழுதிவிட்டு, அதற்கு ஒரு படி கீழே இருப்பது ஏன் போதாது என்று நாலு வரி எழுதிப் பார்ப்பேன். எழுத வரவில்லை என்றால் கீழே இறங்கிவிடுவேன்.

மேலாளரின் டிஸ்மிஸை இப்படிச் சோதித்துப் பாருங்கள். நம்பிக்கை போய்விட்டது என்கிறார். சரி, எந்த வேலைக்கான நம்பிக்கை? இருப்புப் படிவத்தில் கையெழுத்திடும் வேலைக்கு என்றால், அந்தப் பொறுப்பை எடுத்துவிட்டுச் சரக்கு கட்டும் பிரிவுக்கு மாற்றலாமே. கேட்டவுடனே அந்த ஊழியர் தவறை ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்று ஆள் குறைவு, மாலைக்குள் படிவம் வேண்டும் என்று மேற்பார்வையாளர் நெருக்கியிருக்கிறார். இதெல்லாம் செய்த தவறை இல்லாமல் ஆக்காது, ஆனால் தண்டனையைக் குறைக்கும். (அந்த மேற்பார்வையாளருக்கு ஒரு மெமோகூடப் போகவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அதைத் தனியாகப் பாருங்கள்.) 9 வருட சர்வீஸ் இரண்டு பக்கமும் பேசும். இத்தனை காலம் ஒழுங்காக வேலை பார்த்தவர் என்பது அவருக்குச் சாதகம். நடைமுறை தெரியாது என்று அவர் சொல்ல முடியாது என்பது பாதகம்.

தாமதத்துக்கான எச்சரிக்கைக்குக் காலக்கெடு முடிந்துவிட்டதா என்று விதியில் பாருங்கள். முடிந்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். முடியவில்லை என்றாலும் அது வேறு வகைத் தவறு. அப்பழுக்கில்லாத பதிவு என்ற சலுகையை அவர் இழக்கிறார், அதற்கு மேல் அதற்கு எடை கொடுக்க மாட்டேன். அதைக் கணக்கில் எடுப்பதாக இருந்தால், உத்தரவுக்கு முன்பே அவரிடம் சொல்லி விளக்கம் கேட்க வேண்டும்.

உங்களை உண்மையில் கட்டிப்போடுவது அந்தப் பழைய கேஸ்தான். ஒரே தவறுக்கு ஒருவருக்கு எச்சரிக்கை, இன்னொருவருக்கு டிஸ்மிஸ் என்றால் வித்தியாசத்துக்குக் காரணம் காட்ட வேண்டும். அதற்குப் பிறகு, இனி இப்படிச் செய்தால் கடும் நடவடிக்கை என்று எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினீர்களா? அனுப்பி, இவரும் அதில் கையெழுத்திட்டிருந்தால் ஒரு படி ஏறுவது நியாயம். அனுப்பவில்லை என்றால், சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று கடுமை காட்டுவதாகத்தான் ஆகும். பழைய ஆள் ஒரு மாதப் படிவத்தில் மட்டும் செய்திருந்து, இவர் தொடர்ந்து இரண்டு மாதம் செய்திருக்கிறார் என்பதும் ஒரு வித்தியாசமே. அறிக்கையில் இரண்டு மாதம் என்று இருக்கிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் இறுதி எச்சரிக்கையில் நிற்பேன். இருப்புப் பொறுப்பையும் எடுத்துவிடுவேன். அதனால் சம்பளமோ பதவியோ குறைந்தால் அதுவும் தண்டனை ஆகிவிடும், உங்கள் விதியில் அதற்கு இடம் இருக்க வேண்டும்.

உத்தரவில், எச்சரிக்கை எத்தனை மாதம் செல்லும், அதற்குள் எந்த மாதிரித் தவறு நடந்தால் பணிநீக்கம் வரும் என்று எழுதுங்கள். 'எந்தத் தவறும்' என்று பொதுவாக எழுதினால், நாளை ஐந்து நிமிடத் தாமதத்துக்கும் அதை யாராவது தூக்கிப் பிடிப்பார்கள். மேல்முறையீடு யாரிடம், எந்தத் தேதிக்குள் என்பதும் இருக்கட்டும். அப்புறம், விசாரணைக்காக அவரை சஸ்பெண்ட் செய்திருந்தால் அது தண்டனை அல்ல. அந்த நாட்களின் சம்பளத்தை என்ன செய்வது என்று விதிப்படி அதே உத்தரவில் முடிவு செய்துவிடுங்கள்.